டிஸ்க் போதுமா, எம்.ஐ.சி. வேண்டுமா: ரெக்கார்டுக்கு ஒரு சென்சிடிவிட்டி முறையைத் தேர்ந்தெடுப்பது

மைக்ரோபயாலஜி ரெக்கார்டில் கல்ச்சரும் ஆன்டிபயாட்டிக் சென்சிடிவிட்டியும் வரும் பக்கத்தை எட்டியதும் மாணவர்கள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: மருந்து ஏற்றிய டிஸ்க் வைத்தால் போதுமா, எம்.ஐ.சி. எடுத்தால்தான் மதிப்பா? கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த மருந்துச் செறிவுதான் எம்.ஐ.சி. அது மருந்தின் அளவாகவே வருகிறது, டிஸ்க் முறையில் ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர்தானே அளக்கிறோம், ஆகவே எம்.ஐ.சி. ஒரு படி மேல் என்ற நினைப்பு பலருக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எந்த முறை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் என்று பார்த்தால்தான் தேர்வு சரியாக வரும். அதை ஒரு மாதிரியோடு சேர்த்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, ஆனால் எந்த லேபிலும் வரக்கூடியவை.

சிறுநீர் எரிச்சலோடு வந்த ஒரு பெண்ணின் நடுத்தாரைச் சிறுநீர். ஒரு மைக்ரோலிட்டர் கொள்ளும் லூப்பால் மெக்கான்கி அகாரில் தேய்த்திருக்கிறோம். மறுநாள் ஒரே மாதிரியான 140 இளஞ்சிவப்பு காலனிகள். லூப் எடுத்தது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால் 140-ஐ ஆயிரத்தால் பெருக்க வேண்டும்: மில்லிக்கு 1,40,000. ஒரு லட்சத்தைத் தாண்டியதால் இது தொற்று என்று எடுத்துக்கொள்ளத் தகுந்த எண்ணிக்கை. கிராம் நெகட்டிவ் குச்சி, இண்டோல் பாசிட்டிவ், சிட்ரேட் நெகட்டிவ், யூரியேஸ் நெகட்டிவ். ஈ. கோலை. இதுவரை எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் வேலை ஒன்றுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம், ரெக்கார்டுகளில் அடிக்கடி விட்டுப்போவது. மெக்கான்கியிலிருந்து காலனியை எடுத்து நேராக உப்புநீரில் கலக்கிவிடக் கூடாது. அது தேர்வு ஊடகம். அடக்கி வைக்கப்பட்ட வேறு பாக்டீரியாக்கள் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளட் அகாரிலோ நியூட்ரியன்ட் அகாரிலோ ஒரு முறை மாற்றி வளர்த்து, அந்த 18 முதல் 24 மணி நேரக் காலனிகளிலிருந்துதான் கலவையைத் தயாரிக்க வேண்டும். ஒரு நாள் கூடுதலாகும். அந்த நாளை மிச்சம் பிடித்தவர்களின் பிளேட்டில்தான் பெரும்பாலும் டிஸ்கைச் சுற்றி வளர்ச்சி இல்லாத வட்டமான ஜோனுக்குள் தனித்தனிக் காலனிகள் எட்டிப் பார்க்கும். அப்புறம் அது எதிர்ப்புள்ள துணைக்கூட்டமா, கலப்படமா என்று திரும்பக் கிராம் ஸ்டெயின் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, முதலில் டிஸ்க். 1966-இல் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் என்ற நால்வர் வரையறுத்த முறை இது. இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஜோனின் அளவைத் தீர்மானிப்பது ஒரு போட்டி. டிஸ்கிலிருந்து மருந்து அகாருக்குள் பரவிக்கொண்டே போகிறது, அதே நேரத்தில் பாக்டீரியா பெருகிக்கொண்டே வருகிறது. எந்த இடத்தில் பாக்டீரியா முந்துகிறதோ அங்கே ஜோனின் விளிம்பு விழுகிறது. ஆகவே அகாரின் கனமோ பாக்டீரியாவின் ஆரம்ப எண்ணிக்கையோ மாறினால் ஜோனும் மாறிவிடும்.

அகாரின் கனம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஊற்றும்போது அளப்பவர்கள் குறைவு. உள்விட்டம் 90 மி.மீ. உள்ள பிளேட்டின் பரப்பு சுமார் 63.6 சதுர செ.மீ. அதை 0.4 செ.மீ.யால் பெருக்கினால் ஏறத்தாழ 25 மில்லி முல்லர் ஹின்டன் அகார் வேண்டும். சாதாரணமாக ஊற்றும் 15 மில்லியை ஊற்றினால் கனம் 2.4 மி.மீ.தான். மெல்லிய அகாரில் மருந்துக்குக் கீழே இறங்க இடமில்லாததால் பக்கவாட்டில் தூரம் போகும், ஜோன் பெரிதாகும், எதிர்ப்புள்ள பாக்டீரியாகூட சென்சிடிவ் போல் தெரியும். கலவையின் அடர்த்தியில் ஆபத்து எதிர்ப்பக்கம். அது 0.5 மெக்ஃபார்லண்ட் தரத்துக்கு, அதாவது மில்லிக்குப் பத்து முதல் இருபது கோடி பாக்டீரியா என்ற அளவுக்கு இருக்க வேண்டும். மெக்ஃபார்லண்ட் குழாயைக் குலுக்காமல் ஒப்பிட்டால் பேரியம் சல்பேட் அடியில் தங்கிக் கிடக்கும். எதனோடு ஒப்பிடுகிறோம் என்றே தெரியாமல் போய்விடும். கலவை அடர்த்தியாகிவிட்டால் ஜோன் சுருங்கும், நல்ல மருந்தும் ரெசிஸ்டன்ட் ஆகிவிடும்.

கலவையைத் தயாரித்த 15 நிமிடத்துக்குள் ஸ்வாபை நனைத்து, குழாயின் சுவரில் அழுத்திப் பிழிந்து, பிளேட்டை 60 டிகிரி வீதம் திருப்பி மூன்று திசையில் தேய்க்க வேண்டும். அடுத்த 15 நிமிடத்துக்குள் டிஸ்குகள். மையத்திலிருந்து மையத்துக்கு 24 மி.மீ.க்குக் குறையாமல். வைத்த டிஸ்கை நகர்த்தக் கூடாது, தொட்ட கணமே மருந்து இறங்கத் தொடங்கிவிடுகிறது. 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். மறுநாள் பிளேட்டைக் கவிழ்த்து, கறுப்புப் பின்னணியில் வைத்து, அடிப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். நோயாளியின் பாக்டீரியாவோடு ஏ.டி.சி.சி. 25922 என்ற ஈ. கோலை கன்ட்ரோலையும் அதே நாளில் அதே அகாரில் ஓட்டியிருக்கிறோம். கன்ட்ரோலுக்கு ஜோன்கள் பெரிதாக வருவதால் ஐந்து டிஸ்கையும் இரண்டு பிளேட்டாகப் பிரித்து வைப்பது நல்லது. வந்த அளவுகள் இவை, எல்லாம் மில்லிமீட்டரில்:

| மருந்து (டிஸ்கில் உள்ள அளவு, மைக்ரோகிராம்) | கன்ட்ரோல் | கன்ட்ரோலுக்கு ஏற்கத்தக்க வரம்பு | நோயாளியின் ஈ. கோலை |
|---|---|---|---|
| ஆம்பிசிலின் (10) | 18 | 15–22 | 6 |
| சிப்ரோஃப்ளாக்சசின் (5) | 33 | 29–38 | 22 |
| ஜென்டாமைசின் (10) | 22 | 19–26 | 20 |
| நைட்ரோஃபுரன்டாயின் (300) | 22 | 20–25 | 21 |
| கோட்ரைமாக்சசோல் (1.25/23.75) | 26 | 23–29 | 6 |

ரெக்கார்டின் அப்சர்வேஷன் பகுதி இத்தோடு முடிகிறது. சென்சிடிவ், ரெசிஸ்டன்ட் என்ற சொற்கள் இங்கே வரக் கூடாது, அவை அடுத்த பகுதிக்கு உரியவை. 6 என்பது டிஸ்கின் விட்டமே, அதாவது ஜோன் இல்லை. அதைப் பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.

கன்ட்ரோல் வரிசையை முதலில் படிப்பதுதான் முறை. ஐந்தும் வரம்புக்குள் இருக்கின்றன, ஆகவே நோயாளியின் எண்களை நம்பலாம். எல்லா மருந்துக்கும் கன்ட்ரோல் ஜோன் ஒரே திசையில் பெருத்திருந்தால் அகாரின் கனத்தையும் கலவையின் அடர்த்தியையும் சந்தேகிக்க வேண்டும். ஆம்பிசிலினுக்கு மட்டும் 11 என்று சுருங்கியிருந்தால் அந்த டிஸ்க் புட்டியில் ஈரம் ஏறியிருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பநிலைக்கு வரும் முன்பே மூடியைத் திறக்கும் பழக்கத்தால் பீட்டா லாக்டம் டிஸ்குகள் இப்படித்தான் கெடுகின்றன.

இப்போது நோயாளியின் வரிசை. மூன்று ஜோன்கள் உள்ளன: 22, 21, 20. மாணவர்களில் பாதிப் பேர் இதைப் பார்த்தவுடன் "சிப்ரோஃப்ளாக்சசினுக்குத்தான் பெரிய ஜோன், ஆகவே அதுவே சிறந்த மருந்து" என்று எழுதுவார்கள். உண்மையில் இந்த மூன்றில் சென்சிடிவ் என்று சொல்ல முடியாத ஒரே மருந்து அதுதான். ஆய்வகத் தரங்களை வகுக்கும் சி.எல்.எஸ்.ஐ. அமைப்பின் அட்டவணைப்படி நைட்ரோஃபுரன்டாயினுக்கு 17-உம் அதற்கு மேலும் என்றால் சென்சிடிவ், ஜென்டாமைசினுக்கு 18. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 26 தொட வேண்டும். 22 முதல் 25 வரை இன்டர்மீடியட், 21-உம் அதற்குக் கீழேயும் ரெசிஸ்டன்ட். ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகம் வேறு, உடலில் எட்டும் செறிவு வேறு. ஒரு மருந்தின் ஜோனை அதற்குரிய வரம்போடுதான் ஒப்பிட முடியும், பக்கத்து மருந்தின் ஜோனோடு அல்ல.

இன்னொரு கண்ணியும் இதே எண்ணில்தான் இருக்கிறது. குடல் வகை பாக்டீரியாக்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசினின் வரம்பை சி.எல்.எஸ்.ஐ. 2019-இல் மாற்றியது. அதற்கு முன் 21 மி.மீ. இருந்தாலே சென்சிடிவ். பழைய அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் லேபில் இந்த 22 சென்சிடிவ் ஆகிவிடும். ஜென்டாமைசினுக்கும் 2023-இல் 15 என்ற வரம்பு 18 ஆனது. நம் 20 இரண்டு அட்டவணையிலும் தப்பித்துவிடுகிறது, 16 வந்திருந்தால் தப்பித்திருக்காது. எந்த ஆண்டின் அட்டவணை என்று எழுதாத இன்டர்பிரிடேஷனை நான் திருத்தவே தொடங்குவதில்லை.

சரி, 22 எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஒரு மி.மீ. குறைவாக அளந்தால் 21, ரெசிஸ்டன்ட். "எம்.ஐ.சி. போட்டால் தெளிவாகிவிடும்" என்ற யோசனை இங்கேதான் வருகிறது.

எளிதான வழி கிரேடியன்ட் ஸ்ட்ரிப். அதே லான் கல்ச்சர், அதே அகார், டிஸ்குக்குப் பதிலாக ஒரு நீளமான பட்டை. அதில் மருந்து மேலிருந்து கீழே படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். மறுநாள் முட்டை வடிவ ஜோன் பட்டையைத் தொடும் இடத்தில் எண்ணைப் படிக்கலாம். நம் ஈ. கோலைக்கு 0.38 மைக்ரோகிராம் என்று வருகிறது என்று வையுங்கள். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 0.25 வரை சென்சிடிவ், 0.5 இன்டர்மீடியட், 1-உம் அதற்கு மேலும் ரெசிஸ்டன்ட். 0.38 எந்தப் பக்கம்? பட்டையில் இரட்டிப்புப் படிகளுக்கு நடுவிலும் கோடுகள் உண்டு. நடுக்கோட்டில் விழுந்தால் அடுத்த மேல் படிக்குத் தூக்கி 0.5 என்று எழுத வேண்டும், ஆகவே இன்டர்மீடியட். கீழே தள்ளி 0.25 என்று எழுதினால் சென்சிடிவ் ஆகிவிடும். ஸ்ட்ரிப்பில் நான் பார்க்கும் தவறுகளில் இதுவே அதிகம். விலையில் ஒரு ஸ்ட்ரிப்பைக் கொண்டு பல டிஸ்குகள் வாங்கலாம், அதனால் கல்லூரிகள் யோசிக்கின்றன. வைத்த பின் இடம் மாற்றவும் முடியாது, அடியில் காற்றுக் குமிழி சிக்கினால் அந்த இடத்தில் படிக்கவும் முடியாது.

அடுத்தது பிராத் மைக்ரோடைல்யூஷன், இதுதான் அடிப்படை முறை. 96 குழித் தட்டில் ஒரு வரிசைக்கு 12 குழிகள். சிப்ரோஃப்ளாக்சசினை 4 மைக்ரோகிராமிலிருந்து பாதி பாதியாகக் குறைத்தால் 4, 2, 1, 0.5, 0.25, 0.12, 0.06, 0.03, 0.015, 0.008, 0.004 என்று பதினொன்று. பன்னிரண்டாவது குழி மருந்தில்லாத வளர்ச்சிக் கன்ட்ரோல். வரிசை கச்சிதமாக நிறைந்துவிடுகிறது. "0.004 வரை எதற்கு, நம் ஈ. கோலை 0.5-இல்தானே நிற்கப் போகிறது?" என்று கேட்பார்கள். கன்ட்ரோல் ஸ்ட்ரெயினுக்காகத்தான். 25922-க்கு ஏற்கத்தக்க வரம்பு 0.004 முதல் 0.016 வரை. வரிசையை 0.06-இல் நிறுத்தினால் கன்ட்ரோல் எல்லாக் குழியிலும் தெளிவாகவே இருக்கும், சோதனை சரியாக நடந்ததா என்பதற்குச் சாட்சியே இருக்காது.

கலவையை 0.5 மெக்ஃபார்லண்டுக்குக் கொண்டுவந்து, 150 மடங்கு நீர்த்து, ஒவ்வொரு குழியிலும் உள்ள 50 மைக்ரோலிட்டர் மருந்தோடு 50 மைக்ரோலிட்டர் சேர்க்க வேண்டும். மருந்தும் அங்கே பாதியாவதால் முதலில் இரட்டிப்புச் செறிவில், அதாவது 8-இல் தொடங்கி வைத்திருக்க வேண்டும். முடிவில் குழிக்குள் மில்லிக்கு 5 லட்சம் பாக்டீரியா. உண்மையில் அவ்வளவு இருக்கிறதா என்று வளர்ச்சிக் கன்ட்ரோலிலிருந்து உடனே கொஞ்சம் எடுத்து நீர்த்து, பிளேட்டில் பரப்பி எண்ணிப் பார்க்கலாம். ரெக்கார்டில் இந்த ஒரு கணக்கு இருந்தால் செய்தவர் புரிந்துதான் செய்திருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

கஷ்டம் மருந்துத் தயாரிப்பில் இருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைப் பொடித்துப் போடுவது கூடவே கூடாது, அதில் மருந்தோடு வேறு பொருள்களும் இருக்கின்றன. பொட்டன்சி குறித்த ரெஃபரன்ஸ் பவுடர் வேண்டும். லேபிளில் மில்லிகிராமுக்கு 940 மைக்ரோகிராம் என்று இருந்து, மில்லிக்கு 1280 மைக்ரோகிராம் உள்ள ஸ்டாக் 20 மில்லி வேண்டுமானால் கணக்கு இப்படி:

எடை = (20 × 1280) ÷ 940 = 27.2 மி.கி.

பொட்டன்சியை மறந்து 25.6 மி.கி. எடை போட்டால் ஸ்டாக் ஆறு சதவீதம் நீர்த்துவிடும். ஒரு படி மாறும் அளவுக்குப் பெரிய தவறல்ல, ஆனால் பொட்டன்சி 700-ஐ ஒட்டிய பவுடர்களில் இதே மறதி எண்ணைத் தள்ளிவிடும்.

சரி, இவ்வளவு செய்து 0.5 வந்துவிட்டது. தெளிவு கிடைத்ததா? இல்லை. இரட்டிப்புப் படி முறையில் ஒரு படி மேலோ கீழோ போவது ஏற்றுக்கொள்ளப்பட்ட பிழை. இன்று 0.5 வந்தது நாளை 0.25 வரலாம், 1-உம் வரலாம். முதலாவது சென்சிடிவ், கடைசி ரெசிஸ்டன்ட். ஜோனில் ஒரு மி.மீ. எப்படி நம்மை அலைக்கழித்ததோ அதே ஆட்டம் இங்கே ஒரு குழியில் நடக்கிறது. இன்டர்மீடியட் என்ற வகையே ஓரளவு இந்தப் பிழையைத் தாங்கிக்கொள்ளத்தான் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கோட்டு ஜோனைத் தெளிவாக்குவதற்காக எம்.ஐ.சி. போடுவது, அளவுகோலை மாற்றிக்கொண்டு அதே சந்தேகத்தில் திரும்ப நிற்பதுதான்.

இந்த நோயாளிக்கு அந்தச் சந்தேகம் தீரவும் தேவையில்லை. காய்ச்சலோ விலா வலியோ இல்லாத சிறுநீர்ப்பைத் தொற்று என்றால் நைட்ரோஃபுரன்டாயின் 21 மி.மீ., தெளிவான சென்சிடிவ். சிறுநீரகத்துக்கோ ரத்தத்துக்கோ பரவிய தொற்று என்றால் கதை வேறு. நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரில்தான் சேர்கிறது, திசுக்களில் போதிய செறிவு எட்டாது. ஜோன் எவ்வளவு இருந்தாலும் அதை அங்கே பரிந்துரைக்க முடியாது. இந்த வரி இன்டர்பிரிடேஷனில் கட்டாயம் இருக்க வேண்டும். மாதிரி எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அட்டவணைக்கு அர்த்தம்.

தானியங்கிக் கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவமனைக் கல்லூரிகளில் இருக்கும் வைடெக் போன்றவை வேகமானவை, நோயாளிகளின் மாதிரிகள் குவியும் இடத்துக்குப் பொருத்தமானவை. ரெக்கார்டுக்கு அதன் பிரின்டவுட்டை ஒட்டினால் நீங்கள் எதையும் பார்த்ததாக ஆகாது.

ஆகவே தேர்வு என் கணக்கில் இப்படி. நோயாளியின் பாக்டீரியாவுக்கு டிஸ்க், கன்ட்ரோலோடு சேர்த்து. அதுவே ரெக்கார்டின் உடல். எம்.ஐ.சி. கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் ஒரே ஒரு மருந்துக்கு, கன்ட்ரோல் ஸ்ட்ரெயினோடு ஒரு வரிசை பிராத் போடுங்கள், பவுடரும் மைக்ரோபிப்பெட்டும் இருந்தால். வகுப்புக்கு ஒரு தட்டு போதும், எட்டு வரிசையை எட்டுப் பேர் எடுத்துக்கொண்டு ஒரே ஸ்ட்ரெயினுக்கு வந்த எண்களை ஒப்பிட்டால் அந்த ஒரு படிப் பிழையைக் கண்ணாலேயே பார்க்கலாம். பவுடர் இல்லையென்றால் ஸ்ட்ரிப். இரண்டும் இல்லையென்றால் டிஸ்க் மட்டும் போட்டதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம்.

டிஸ்கை எடுக்கவே கூடாத இடங்கள் சில உண்டு. கொலிஸ்டின் பெரிய மூலக்கூறு, அகாரில் நகரவே தயங்கும். எதிர்ப்புள்ளதற்கும் இல்லாததற்கும் ஜோன் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஸ்டேஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு வான்கோமைசினும் அப்படியே. மெரோபெனமும் வேலை செய்யாத ஒரு கிளெப்சியெல்லா கிடைத்து, கொலிஸ்டின் பார்க்கச் சொன்னால், அங்கே பிராத் மைக்ரோடைல்யூஷன்தான், ஸ்ட்ரிப்பைக்கூட நம்ப முடியாது. வசதி இல்லாவிட்டால் அலமாரியில் கொலிஸ்டின் டிஸ்க் இருக்கிறதே என்று எடுத்து வைத்துவிடாமல், அந்தக் கட்டத்தில் "சோதிக்கப்படவில்லை" என்று எழுதி, காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.